சோதனை வயலின் கணக்கு: பி-மதிப்பையும் நம்பிக்கை இடைவெளியையும் படிப்பது எப்படி

வயலில் ஒரு புதிய முறையைச் சோதித்தபின் இரண்டு கேள்விகள் எழும். பழைய முறைக்கும் புதியதற்கும் இடையே கண்ட வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்க முடியுமா என்பது முதல் கேள்வி. அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது, அதை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பி-மதிப்பு விடை தருகிறது, இரண்டாவதற்கு நம்பிக்கை இடைவெளி. விவசாயிக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது விடை. அறிக்கைகளில் எழுதப்படுவதோ பெரும்பாலும் முதல் விடை.

இந்த அத்தியாயம் ஒரே சோதனையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்கிறது. குடவாசல் வட்டாரத்தில் பத்து விவசாயிகள் சேர்ந்து, சம்பா நடவில் ஜிங்க் சல்பேட் இட்டால் மகசூல் கூடுமா என்று பார்க்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. ஜிங்க்கின் பலனுக்கு அவை சான்று ஆகா.

வயலில் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு விவசாயியும் ஒரே வயலை இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். நடுவில் உறுதியான வரப்பு தேவை. வரப்பு கசிந்தால் தண்ணீரோடு ஜிங்க்கும் அடுத்த பாதிக்குப் போகும். வேறுபாடு உண்மையில் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும்.

2. எந்தப் பாதிக்கு ஜிங்க் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். "இந்தப் பக்கம் கொஞ்சம் மெலிவு, இங்கே போடலாம்" என்று கண் பார்த்து முடிவெடுத்தால், பின்னால் எந்தச் சூத்திரமும் அதைச் சரி செய்யாது.

3. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் என்ற அளவில், 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன் தூவ வேண்டும். மணிச்சத்து உரத்தோடு அதைக் கலக்கக் கூடாது. டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ் எல்லாம் இரண்டு பாதிக்கும் ஒரே அளவில், ஒரே நாளில் போக வேண்டும்.

4. அறுவடையின்போது ஒவ்வொரு பாதியிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றை அறுத்து, அடித்து, தூற்றி எடை போட வேண்டும். பயிர் அறுவடைச் சோதனையில் அதிகாரிகள் எடுக்கும் அதே அளவு இது. சதுரம் விழும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். கதிர் நன்றாகச் சாய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்ததும் கால் தானாக அங்கே போய்விடும்.

5. ஈரப்பதத்தை அளந்து, எடையை 14 சதவீத ஈரத்துக்கு மாற்ற வேண்டும். நூறிலிருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, எடையால் பெருக்கி, 86-ஆல் வகுத்தால் போதும். காலையில் அறுத்த பாதியையும் வெயிலேறி அறுத்த பாதியையும் அப்படியே ஒப்பிட்டால் பனி ஈரமே மகசூலாகக் கணக்கில் ஏறிவிடும்.

கணக்கு

ஜிங்க் இட்ட பாதியின் எடையிலிருந்து இடாத பாதியின் எடையைக் கழித்தால் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண் கிடைக்கும். பத்து வயலின் வேறுபாடுகள், 25 சதுர மீட்டருக்குக் கிலோவில்:

1.2, 0.4, −0.6, 2.0, 0.9, 1.5, −0.3, 1.1, 0.2, 1.6

இரண்டு வயல்களில் ஜிங்க் இட்ட பாதி குறைவாகவே விளைந்திருக்கிறது. அவற்றை "ஏதோ தவறு" என்று விலக்கக் கூடாது. எலி தின்றது, தண்ணீர் நின்றது போன்ற காரணம் இருந்தால் எடை பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எடையைப் பார்த்தபின் தோன்றும் காரணத்துக்கு மதிப்பில்லை.

1. சராசரி வேறுபாடு 0.80 கிலோ.

2. வயலுக்கு வயல் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும். இங்கே அது 0.85.

3. திட்ட விலக்கத்தை, வயல்களின் எண்ணிக்கையான 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை: 0.27. சராசரி எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதன் அளவு இது.

4. டி-அட்டவணையில், வயல்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்த வரியில், அதாவது ஒன்பதாவது வரியில், 95 சதவீதத்துக்கான எண்ணை எடுக்க வேண்டும்: 2.262.

5. திட்டப் பிழையையும் இந்த எண்ணையும் பெருக்கினால் 0.61. சராசரியிலிருந்து அதைக் கழித்தும் கூட்டியும் எழுதினால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி: 0.19 முதல் 1.41 கிலோ வரை.

6. பி-மதிப்புக்கு, சராசரியைத் திட்டப் பிழையால் வகுக்க வேண்டும். கிடைப்பது 2.97. அதற்குரிய பி-மதிப்பு ஏறத்தாழ 0.016.

வேறுபாடுகளை B2 முதல் B11 வரை தட்டி வைத்திருந்தால் விரிதாளில் இவை போதும். வரிசையாகச் சராசரி, திட்டப் பிழை, இடைவெளியின் பாதி அகலம், பி-மதிப்பு:

```
=AVERAGE(B2:B11)
=STDEV.S(B2:B11)/SQRT(10)
=T.INV.2T(0.05,9)*STDEV.S(B2:B11)/SQRT(10)
=T.DIST.2T(ABS(AVERAGE(B2:B11))/(STDEV.S(B2:B11)/SQRT(10)),9)
```

*கவனிக்க:* ஒவ்வொரு பாதியிலும் மூன்று சதுரம் அறுத்திருந்தால், முதலில் வயலுக்கு ஒரே சராசரியாகச் சுருக்க வேண்டும். முப்பது எண்களைத் தனித்தனியே தட்டினால் விரிதாள் முப்பது வயல் என்று நம்பி, இடைவெளியைப் பொய்யாகக் குறுக்கிக் காட்டும். ஒரே வயலின் மூன்று சதுரங்களுக்கு மண்ணும் தண்ணீரும் நாற்றும் ஒன்றுதான். மாணவர் ஆய்வேடுகளில் மிகுதியாகத் தென்படும் பிழை இது.

இரண்டு விடைகளும் சொல்வது என்ன

பி-மதிப்பு 0.016 என்பதன் பொருள் இது: ஜிங்க்கால் சராசரி மகசூல் ஒரு மணிகூட மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், பத்து வயல் சோதனையை ஆயிரம் தடவை செய்தால் சுமார் பதினாறு தடவை, மண்ணின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே, இந்த அளவு எடுப்பான விடையோ இதைவிட எடுப்பானதோ ஏதாவது ஒரு பக்கம் வரும். பதினாறு குறைவு என்பதால் "மாற்றமே இல்லை" என்ற கருத்தோடு இந்த எடைகள் ஒத்துப்போகவில்லை என்று சொல்லலாம். அதற்கு மேல் பி-மதிப்பு எதுவும் சொல்லவில்லை.

0.05-க்குக் கீழே இருந்தால் "குறிப்பிடத்தக்கது" என்று எழுதுவது வழக்கம். இருபதில் ஒன்று என்ற இந்த எல்லை வசதியானது என்று ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியான தம் நூலில் எழுதினார். அப்போது அவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உரச் சோதனைகளின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலில் பிறந்த எல்லைக் கல் இது. 0.049-க்கும் 0.051-க்கும் நடுவே இயற்கை வரப்பு எதையும் போட்டு வைக்கவில்லை.

நம்பிக்கை இடைவெளியை 1937-இல் முறைப்படுத்தியவர் யெர்சி நெய்மன். 0.19 முதல் 1.41 வரை என்னும்போது, இந்த எடைகளோடு முரண்படாத உண்மை வேறுபாடுகள் எவை என்று சொல்கிறோம். 0.19-ம் பொருந்தும், 1.41-ம் பொருந்தும். பூஜ்யம் பொருந்தாது. 95 சதவீத இடைவெளிக்குள் பூஜ்யம் இல்லையென்றால், அதே கணக்கின் பி-மதிப்பு கட்டாயம் 0.05-க்குக் கீழே இருக்கும். ஆகவே இடைவெளியை எழுதிவிட்டால் பி-மதிப்பின் தீர்ப்பும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பி-மதிப்பை மட்டும் எழுதினால் அளவு தொலைந்துபோகிறது.

கட்டுப்படிக் கோடு

பூஜ்யத்தைத் தாண்டுவது கணக்காளருக்குப் போதும். விவசாயி தாண்ட வேண்டிய கோடு வேறு.

1. இடைவெளியை ஏக்கருக்கு மாற்ற வேண்டும். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர், அதாவது 162 சதுரங்கள். சராசரி 0.80 கிலோ என்பது ஏக்கருக்கு 130 கிலோ. இடைவெளி 31 கிலோவிலிருந்து 228 கிலோ வரை. 60 கிலோ மூட்டையில் சொன்னால் அரை மூட்டையிலிருந்து மூன்றே முக்கால் மூட்டை வரை.

2. ஜிங்க் விலை, மணல், தூவும் கூலி ஆகியவற்றைக் கூட்டி, அந்தத் தொகைக்கு எத்தனை கிலோ நெல் விற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். இதுவே கட்டுப்படிக் கோடு. அறுப்பதற்கு முன்பே எழுதி வைப்பது நல்லது. இங்கே அது ஏக்கருக்கு 60 கிலோ, ஒரு மூட்டை, என்று வைத்துக்கொள்வோம்.

3. கோடு இடைவெளியில் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். 60 என்பது 31-க்கும் 228-க்கும் நடுவே விழுகிறது. ஜிங்க் மகசூலைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. போட்ட காசைத் திருப்பித் தருகிறது என்பதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

"குறிப்பிடத்தக்கது" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருந்தால் இந்த மூன்றாவது படியே தெரிந்திருக்காது. அடுத்த சம்பாவில் இருபது வயல்களில் செய்து, சராசரியும் சிதறலும் இதே போல வந்தால், இடைவெளி சுமார் 0.40 முதல் 1.20 கிலோ ஆகும். அதன் கீழ் முனை ஏக்கருக்கு 65 கிலோ. கோட்டைச் சற்றே தாண்டும். இடைவெளியைப் பாதியாகக் குறுக்க, ஏறத்தாழ நான்கு மடங்கு வயல்கள் தேவை என்பதையும் திட்டமிடும்போது நினைவில் வைக்க வேண்டும்.

தவறான வாசிப்புகள்

*"குறிப்பிடத்தக்கதல்ல, ஆகவே பலனில்லை."* பத்து விவசாயிகளில் நால்வர்தான் எடையைக் கொண்டுவந்தார்கள் என்று கொள்வோம்: 0.4, 2.0, −0.3, 1.1. சராசரி அதே 0.80. ஆனால் பி-மதிப்பு 0.20 ஆகிவிடுகிறது, இடைவெளி −0.76 முதல் 2.36 வரை விரிகிறது. ஜிங்க் மாறவில்லை, மண் மாறவில்லை, சராசரிகூட மாறவில்லை. தெரிந்துகொண்டது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஏக்கருக்கு 124 கிலோ நட்டமும் 383 கிலோ லாபமும் ஒரே சமயத்தில் பொருந்துகின்ற சோதனை, பலனில்லை என்று நிறுவவில்லை. அதனால் எதையும் சொல்ல முடியவில்லை. இதே காரணத்தால், "பத்து வயல் ஊரில் பலித்தது, நான்கு வயல் ஊரில் பலிக்கவில்லை" என்று இரண்டு ஊரை ஒப்பிடுவதும் பிழை. அப்படி ஒப்பிட, இரண்டு சராசரிகளின் வேறுபாட்டுக்கே தனி இடைவெளி போட வேண்டும்.

பலனில்லை என்று முடிவுகட்டும் பிழை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைக் காட்டும் உண்மைச் சோதனை தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1968-இல் தொடங்கிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தற்செயல் முறையில் தடுப்பூசியோ வெறும் ஊசியோ போடப்பட்டது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 1999-இல் வெளிவந்தன. பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு 27 சதவீதம். அதன் 95 சதவீத இடைவெளி −8 முதல் 50 வரை.

இடைவெளிக்குள் பூஜ்யம் இருக்கிறது. எனவே வழக்கமான சொற்படி அது "குறிப்பிடத்தக்கதல்ல". ஆனால் குழந்தைகளுக்கும் பலனே இல்லை என்று அதைச் சுருக்கினால், நோயில் பாதியைத் தடுத்திருக்கக்கூடிய ஒன்றைக் கையிலிருந்து கீழே போடுகிறோம். 27 சதவீதம் உறுதி என்று சொன்னாலும் தவறு. இடைவெளி சொல்வதை அப்படியே சொல்வதே நேர்மை: சிறு கெடுதலிலிருந்து பாதியளவு பாதுகாப்பு வரை எதுவும் பொருந்தும். இத்தனை லட்சம் பேரை வைத்தும் இடைவெளி ஏன் இவ்வளவு அகலம் என்று தோன்றலாம். இத்தகைய கணக்கில் இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிப்பது ஊசி போட்டுக்கொண்டவர்களின் தொகையைவிட, அந்தப் பிரிவில் நோய் வந்தவர்களின் தொகை. அது சிறிதாக இருந்தால் இடைவெளி விரியும். இந்தச் சோதனை அளந்தது நுரையீரல் காசநோயை. மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான குழந்தைப் பருவக் காசநோய்க்கு எதிராக, பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போடுவது இந்தியாவில் தொடர்கிறது.

*"பி-மதிப்பு 0.016, ஆகவே பலன் இருக்க 98.4 சதவீத வாய்ப்பு."* மிகவும் பரவலான தவறு இது. பி-மதிப்பு, பலன் இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்கும் கணக்கு. தொடக்கத்தில் வைத்துக்கொண்டதன் வாய்ப்பை அந்தக் கணக்கே சொல்ல முடியாது. அதைச் சொல்ல, சோதிக்கப்படும் பொருட்களில் எத்தனை உண்மையிலேயே வேலை செய்பவை என்பதும் தெரிய வேண்டும். உரக்கடையில் விற்கும் 200 விதமான ஊக்கிகளைச் சோதிப்பதாகக் கற்பனை செய்யலாம். அவற்றில் 20 மட்டுமே உண்மையானவை, சோதனை அவற்றில் ஐந்தில் நான்கைக் கண்டுபிடிக்கும் என்றால் 16 தேறும். மீதி 180 வெறும் தூள். அவற்றிலும் இருபதுக்கு ஒன்று வீதம் 9 தேறிவிடும். "குறிப்பிடத்தக்கது" என்ற முத்திரை பெற்ற 25-இல் 9 போலி. மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

*"இடைவெளி 0.19 முதல் 1.41 வரை, ஆகவே என் வயலிலும் அதற்குள்தான் வரும்."* இடைவெளி சராசரியைப் பற்றியது, தனி வயலைப் பற்றியதல்ல. மேலே உள்ள பத்து எண்களை எண்ணிப் பார்த்தாலே தெரியும்: ஐந்து மட்டுமே இந்த எல்லைக்குள் இருக்கின்றன. பதினோராவதாக ஒரு வயல் சேர்ந்தால் அங்கே எதிர்பார்க்கக்கூடிய வேறுபாடு, இதே எடைகளின்படி, சுமார் −1.2 முதல் 2.8 கிலோ வரை. உரக்கடைக்காரர் முதல் இடைவெளியைக் காட்டுவார், நட்டப்பட்ட விவசாயி இரண்டாவதை அனுபவிப்பார்.

இதன் அருகே நுண்மையான இன்னொரு தவறும் உண்டு. 95 என்பது முறையின் நம்பகத்தைக் குறிக்கிறது: இதே விதமாகப் பல சோதனைகளில் இடைவெளி போட்டுக்கொண்டே போனால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான சராசரியைப் பிடித்திருக்கும். கையிலுள்ள இந்த ஒன்று பிடித்ததா, தவறவிட்டதா என்பது தெரியாது. அன்றாடப் பயன்பாட்டில் இந்த வேறுபாடு பெரிய தீங்கு செய்வதில்லை. தேர்வுத்தாளில் செய்யும்.

*பத்தில் ஒன்றைப் பொறுக்குதல்.* மகசூலில் வேறுபாடு தெரியாதபோது செடி உயரம், தூர் எண்ணிக்கை, கதிர் நீளம், ஆயிரம் மணி எடை என்று அளந்துகொண்டே போவது உண்டு. ஒன்றையொன்று சாராத பத்து அளவுகளைப் பார்த்தால், எதிலுமே பலன் இல்லாதபோதும் ஏதாவது ஒன்று 0.05-க்குக் கீழே விழ 40 சதவீத வாய்ப்பு. அந்த ஒன்றை மட்டும் அறிக்கையில் எழுதினால் பி-மதிப்புக்குப் பொருளே இல்லை. முதன்மை அளவு எது என்பதை நடவுக்கு முன் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். அளந்த எல்லாவற்றையும் இடைவெளியோடு அச்சிட வேண்டும். பி-மதிப்பு எல்லையைத் தொடும்வரை வயல்களைச் சேர்த்துக்கொண்டே போய், தொட்டதும் நிறுத்துவதும் இதே வகைதான்.

முடிவை எழுதும் முறை

1. முதலில் சராசரி வேறுபாடு, வாசகர் கையாளும் அலகில். குடவாசல் பக்கம் மா கணக்கில் கேட்பவர்களும் உண்டு. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்.

2. அடுத்து 95 சதவீத இடைவெளி, அதே அலகில், இரண்டு முனைகளும்.

3. கட்டுப்படிக் கோடு எது, அது இடைவெளியில் எங்கே விழுகிறது.

4. எத்தனை வயல், எந்தப் பருவம், விலக்கிய வயல் ஏதேனும் உண்டா, ஏன்.

5. பி-மதிப்பைத் தருவதானால் எண்ணாகவே தர வேண்டும். "0.05-க்குக் குறைவு" என்று மறைக்கக் கூடாது.

இந்தச் சோதனைக்கு எழுதினால்: "பத்து வயல்களில், ஒரு சம்பாப் பருவத்தில், ஜிங்க் சல்பேட் இட்ட பாதியில் ஏக்கருக்குச் சராசரி 130 கிலோ நெல் கூடுதலாகக் கிடைத்தது (95 சதவீத இடைவெளி 31 முதல் 228 கிலோ; பி-மதிப்பு 0.016). இரண்டு வயல்களில் மகசூல் குறைந்தது. எந்த வயலும் விலக்கப்படவில்லை. செலவை ஈடுகட்ட 60 கிலோ தேவை. இடைவெளியின் கீழ் முனை அதற்குக் கீழே இருப்பதால் லாபம் உறுதியாகவில்லை."